முடிந்த டிரேடுக்கு மதிப்பெண்: முடிவு வேறு, விளைவு வேறு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லாபம்தான் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு அந்த டிரேடைக் கிளற வேண்டும்?

அடுத்த முறையும் அதையே செய்வீர்கள் என்பதால்தான். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் காகத்தைப் பிடித்து வந்து தோப்பில் உட்கார வைப்பவர் யாருமில்லை. ஆனால் பங்குச் சந்தையில் அதைத்தான் நம்மில் பலர் செய்கிறோம். விலை இவ்வளவு விழுந்தால் விற்றுவிடும்படி போட்டு வைத்த ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டுக் காத்திருந்தபோது விலை திரும்பி வந்து லாபம் கிடைத்தால், "காத்திருந்தால் வரும்" என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தப் பாடத்துக்கான கட்டணம் அன்று வசூலாவதில்லை, வேறொரு நாளில் வட்டியோடு வசூலாகிறது.

இங்கே சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் "முடிவு" என்றால் எடுக்கும் தீர்மானத்தையும் குறிக்கும், கடைசியில் நடந்ததையும் குறிக்கும். "நல்ல முடிவு" என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் எடுத்த தீர்மானத்தை மட்டும் முடிவு என்றும், வந்த லாப நட்டத்தை விளைவு என்றும் எழுதுகிறேன்.

ஒரே டிரேடு, இரண்டு விதமான மதிப்பெண் என்றால் என்ன? நிஜமான ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2024 ஜூன் முதல் வாரத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜூன் 1, சனிக்கிழமை மாலை, மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் வெளியாயின. ஆளும் கூட்டணி பெரும் வெற்றி பெறும் என்று அவை கூறியதால், திங்கட்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கும் மேல் ஏறி 23,263.90இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. கணிப்புகள் பொய்த்தன. நிஃப்டி ஒரு கட்டத்தில் 21,281 வரை விழுந்து, 21,884.50இல் முடிந்தது, ஒரே நாளில் ஏறத்தாழ 6 சதவீதச் சரிவு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, குறியீடு 23,290ஐத் தொட்டு முடிந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை நானும் என் நண்பர் ஒருவரும் ஒரே காரணத்துக்காக, அதாவது முந்தைய உச்சத்தை மீறிய நாளில் வாங்குவது என்ற எங்கள் இருவரின் பழைய விதிப்படி, நிஃப்டி ஃபியூச்சர்ஸில் ஆளுக்கு ஒரு லாட் வாங்கினோம். அப்போது ஒரு லாட் என்பது 25 எண்ணம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று குறியீட்டு எண்ணையே ஃபியூச்சர்ஸ் விலையாகக் கொள்கிறேன். இருவருக்கும் வாங்கிய விலை 23,200. இருவர் கணக்கிலும் 8 லட்சம் ரூபாய்.

நண்பர் 22,900இல் ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போட்டுவிட்டு, குறிப்பேட்டில் இப்படி எழுதினார்: "திட்டமிட்ட நட்டம் 300 புள்ளி, 7,500 ரூபாய். நாளை வாக்கு எண்ணிக்கை. இடைவெளியோடு 22,500இல் திறந்தால் 17,500 போகும். அதையும் ஏற்கிறேன்." செவ்வாய்க்கிழமை காலை விலை சரிந்தபோது அவருடைய ஆர்டர் 22,870இல் நிறைவேறியது. நட்டம் 8,250 ரூபாய்.

நானும் 22,900 என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அது மனதில் இருந்த ஸ்டாப்; ஆர்டராகப் போடவில்லை. விலை அந்த எண்ணைத் தாண்டிய வேகத்தில் கை ஓடவில்லை. "இவ்வளவு விழுந்தபின் விற்பது முட்டாள்தனம்" என்ற எண்ணம் பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது. அடிமட்டத்தில் என் நட்டம் ஏறத்தாழ 48,000. அன்று சந்தை மூடியபோது அது சுமார் 32,900. வெள்ளிக்கிழமை 23,290இல் விற்றேன். லாபம் 2,250 ரூபாய். அன்றிரவு என் குறிப்பேட்டில் "பொறுமை கைகொடுத்தது" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

விளைவை மட்டும் பார்த்தால் நான் கெட்டிக்காரன், அவர் ஏமாந்தவர். முடிவை மட்டும் பார்த்தால் அவர் 6க்கு 6, நான் 6க்கு 2.

அந்த 6 எங்கிருந்து வந்தது? எதற்கெல்லாம் மதிப்பெண் போடுகிறீர்கள்?

மூன்றே விஷயங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. முதலாவது நுழைவு: வாங்கிய காரணம் முன்பே எழுதி வைத்த விதிகளில் ஒன்றா, அல்லது விலை ஓடுவதைப் பார்த்து அவசரத்தில் ஏறியதா. இரண்டாவது அளவு: இந்த டிரேடு முழுவதும் தவறிப்போனால் கணக்கில் எவ்வளவு போகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு ஏற்ப லாட்டையோ பங்குகளின் எண்ணிக்கையையோ தீர்மானித்தோமா. மூன்றாவது வெளியேறல்: திட்டத்தில் எழுதிய இடத்தில், எழுதிய காரணத்துக்காக வெளியே வந்தோமா.

இருபது கட்டங்கள் உள்ள படிவங்களை முன்பு நானும் வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் யாரும் அவற்றை நிரப்புவதில்லை என்பதோடு, கட்டங்கள் அதிகமாக இருந்தால் ஒரு பெரிய தவறு பத்தொன்பது சின்னச் சரிகளுக்கு நடுவில் மறைந்துபோகும்.

என்னுடைய ஜூன் டிரேடில் நுழைவுக்கு 2 மதிப்பெண் நியாயமானது. காரணம் எழுதி வைத்த விதிதான். வெளியேறலுக்கு 0. அளவுக்கும் 0தான் போட்டேன். நண்பரும் ஒரே ஒரு லாட்தானே வாங்கினார் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் லாட்டின் எண்ணிக்கை மட்டும் அளவு ஆகாது. ஸ்டாப் எங்கே என்பது உறுதியாக இருந்தால்தான் ஒரு லாட்டுக்கு எவ்வளவு போகும் என்று சொல்ல முடியும். ஆர்டரே இல்லாதபோது என் பணயம் 7,500ஆ, 48,000ஆ என்பதைச் சந்தைதான் தீர்மானித்தது.

நண்பருக்கு வந்த நட்டம் துரதிர்ஷ்டம்தானே?

பாதிதான். விதி சரியாக இருந்தும் விலை எதிர்த்திசையில் போனது துரதிர்ஷ்டம். ஆனால் அந்த நட்டத்துக்குள்ளேயே அதிர்ஷ்டமும் ஒளிந்திருக்கிறது, அதைப் பார்க்கத் தவறக் கூடாது. செவ்வாய்க்கிழமை நிஃப்டி 23,179இல், அதாவது முந்தைய நாளை விட 84 புள்ளி மட்டுமே கீழே திறந்தது; சரிவு அதற்குப் பிறகு, சந்தை நேரத்தில் நடந்தது. அதனால்தான் 22,900 ஸ்டாப் 22,870இல் நிறைவேற முடிந்தது. இதே செய்தி முந்தைய இரவே தெரிந்து, சந்தை நேராக 22,000இல் திறந்திருந்தால் அதே ஆர்டர் 22,000 அருகில்தான் நிறைவேறியிருக்கும். 30,000 ரூபாய் போயிருக்கும்.

ஆகவே நட்டத்தைப் பார்த்தவுடன் "துரதிர்ஷ்டம்" என்ற முத்திரையைக் குத்துவதும் அவசர வேலைதான். மூன்றாவதாக ஒருவர், அந்த நாளுக்காகவே டிரேடைத் தவிர்த்தவர், இந்த இருவரையும் விடச் சரியாக யோசித்திருக்கலாம். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விலை பெரிய இடைவெளியோடு கீழே திறந்த நாளில் என் ஸ்டாப் லாஸ் வேலையே செய்யவில்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

அந்த இடைவெளிக்குக் காரணமான செய்தியின் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்பதைப் பொறுத்தது. ஒரு பங்கை 500 ரூபாய்க்கு 100 எண்ணம் வாங்கி, 480இல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள். திட்டமிட்ட நட்டம் 2,000 ரூபாய். மறுநாள் 440இல் திறக்கிறது. 6,000 போய்விட்டது, திட்டத்தைப் போல மூன்று மடங்கு.

முதல் சூழ்நிலையில், நிறுவனம் அன்று மாலை காலாண்டு லாப நட்டக் கணக்கை வெளியிட்டிருந்தது. அதற்கான இயக்குநர் குழுக் கூட்டத்தின் தேதியை நிறுவனம் முன்பே பங்குச் சந்தைக்குத் தெரிவித்திருக்கும். தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இங்கே ஸ்டாப் லாஸ் தோற்கவில்லை. இரவு முழுவதும் சந்தை மூடியிருக்கும் நேரத்தில் ஸ்டாப் என்பது ஒரு காகிதம் மட்டுமே என்பது தெரிந்தும், முழு அளவோடு அந்த இரவைக் கடந்தது உங்கள் முடிவு. அளவுக்கு 0. வாக்கு எண்ணிக்கையும் இந்த வகைதான்: ஜூன் 4 என்ற தேதியைத் தேர்தல் ஆணையம் மார்ச் 16 அன்றே அறிவித்துவிட்டது. நண்பர் அந்தத் தேதியையும் இடைவெளியில் போகக்கூடிய தொகையையும் முன்பே எழுதி ஏற்றிருந்ததால்தான் அவருக்கு அளவில் 2.

இரண்டாவது சூழ்நிலையில், தொழிற்சாலையில் தீ விபத்து. யாரும் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்க முடியாது. இது துரதிர்ஷ்டம், நுழைவுக்கும் வெளியேறலுக்கும் மதிப்பெண் குறையாது. ஆனாலும் அளவுக்கு ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இப்படி ஓர் இரவில் பத்து அல்லது பதினைந்து சதவீதம் விழுவது பங்குச் சந்தையில் எப்போதாவது நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், எந்தப் பங்கில் எந்த இரவில் என்பதுதான் தெரியாது. மூன்று மடங்கு நட்டம் வந்தும் உங்கள் கணக்கில் 2 அல்லது 3 சதவீதம்தான் போனது என்றால் அளவு சரி. கால்வாசிக் கணக்கு போய்விட்டது என்றால் தீ விபத்தின் மேல் பழி போட முடியாது.

மதிப்பெண்ணை எப்போது போடுவது? டிரேடு முடிந்த பிறகு தானே?

மூன்றில் இரண்டை டிரேடு முடிவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இந்த முறையின் உயிர்நாடி இதுதான். விளைவு தெரிந்த பிறகு நம் நினைவு நேர்மையாக இருப்பதில்லை. நட்டம் வந்தால் "எனக்கு அப்போதே சந்தேகமாகத்தான் இருந்தது" என்றும், லாபம் வந்தால் "நான் தெளிவாகத்தான் இருந்தேன்" என்றும் அது கதையைத் திருத்திவிடும்.

நான் செய்வது இதுதான்: ஆர்டர் நிறைவேறிய ஐந்து நிமிடத்துக்குள் காரணம், ஸ்டாப், இலக்கு, மோசமான நிலையில் போகக்கூடிய தொகை, வைத்திருக்கப்போகும் நாட்களுக்குள் வரும் அறிவிப்புகள் ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் எழுதி, நுழைவுக்கும் அளவுக்கும் அங்கேயே மதிப்பெண் போட்டுவிடுவேன். அந்த வரிகளின் மேல் பேனாவை மறுபடி வைப்பதில்லை. வெளியேறிய அன்றே மூன்றாவது மதிப்பெண். லாப நட்டத் தொகை இன்னொரு பக்கத்தில், வார இறுதியில் காண்ட்ராக்ட் நோட்டைப் பார்த்து எழுதப்படும். இரண்டு பக்கங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே தனித்தனி நோட்டுகள் வைத்திருக்கிறேன்.

விற்ற பிறகு பங்கு ராக்கெட் மாதிரி ஏறிவிட்டது. வெளியே வந்தது தவறுதானே?

நீங்கள் வெளியேறிய நேரத்துக்கு வலப்பக்கம் உள்ள விளக்கப்படத்தை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, மீதியை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுங்கள். எழுதிய இலக்கில் விற்றிருந்தால் 2. பதற்றத்தில் பாதி வழியில் விற்றிருந்தால் 0. பிறகு விலை விழுந்திருந்தாலும் 0தான்.

எல்லாவற்றையும் விதிப்படிதான் செய்தேன். தொடர்ந்து ஆறு நட்டம். துரதிர்ஷ்டமா, என் முறையே தவறா?

ஆறு டிரேடுகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் முறையில் நூற்றுக்கு 45 டிரேடுகள் லாபம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஆறு டிரேடுகளும் நட்டமாகும் வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. அதைக் கேட்டால் ஏதோ உடைந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் 100 டிரேடுகள் செய்யும் ஒருவருக்கு அவற்றுக்குள் எங்காவது ஒரு முறையாவது தொடர்ந்து ஆறு நட்டம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்துக்கு ஏழு. நல்ல முறையை வைத்திருப்பவருக்கும் இது வரும். வராமல் போனால்தான் ஆச்சரியம்.

இந்தக் கேள்வியில் ஒரு முக்கியமான எல்லையும் அடங்கியிருக்கிறது. மதிப்பெண் என்பது விதியை நீங்கள் பின்பற்றினீர்களா என்பதை மட்டுமே சொல்லும். அந்த விதி சம்பாதித்துக் கொடுக்கக்கூடியதா என்பதைச் சொல்லாது. மோசமான விதியை ஒழுங்காகப் பின்பற்றி, 6க்கு 6 வாங்கிக்கொண்டே கணக்கைக் காலி செய்யலாம்.

இரண்டையும் பிரிக்க, ஒவ்வொரு டிரேடின் விளைவையும் ரூபாயில் எழுதாமல் திட்டமிட்ட நட்டத்தின் மடங்காக எழுதுங்கள். 7,500 பணயம் வைத்து 8,250 போனால் அது −1.1. 2,000 பணயம் வைத்து 3,200 வந்தால் +1.6. ஐம்பது, அறுபது டிரேடுகள் சேர்ந்ததும் அவற்றை 5, 6 மதிப்பெண் பெற்றவை, அதற்குக் கீழே உள்ளவை என்று இரண்டு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் சராசரியையும் பாருங்கள். கட்டணங்களுக்கு முந்தைய சராசரிக்கு உதாரணக் கணக்கு இது:

```
(0.45 × 1.6) − (0.55 × 1.0) = +0.17
```

முதல் கட்டின் சராசரி லாபத்திலும் இரண்டாவது கட்டின் சராசரி நட்டத்திலும் இருந்தால், விதி நன்றாக இருக்கிறது, அதை மீறுவதுதான் உங்கள் சிக்கல். முதல் கட்டே நட்டத்தில் இருந்து, டிரேடுகள் கூடக்கூட அங்கேயே நின்றால், விதியைத்தான் மாற்ற வேண்டும். இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றுவதால் அது சரியாகாது. மூன்றாவதாக ஒன்றும் நடக்கும், அதுதான் மிகவும் சங்கடமானது: இரண்டாவது கட்டு லாபத்திலும் முதல் கட்டு நட்டத்திலும் இருக்கும். பெரும்பாலும் இரண்டாவது கட்டில் உள்ள ஒன்றிரண்டு பெரிய லாபங்கள்தான் இதற்குக் காரணம். அவற்றை எடுத்துவிட்டுச் சராசரி பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால், நீங்கள் எழுதி வைத்திருக்கும் விதியை விட, எழுதாமல் பின்பற்றும் ஏதோ ஒன்று நன்றாக வேலை செய்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்து எழுதுங்கள்.

மனதில் ஸ்டாப் வைத்த என்னுடையது போன்ற டிரேடுகளில் பணயம் எது என்ற சிக்கல் வரும். ஆர்டர் இல்லாத டிரேடுகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியாக ஒரு பட்டியலில் வைக்கிறேன். அந்தப் பட்டியலின் நீளமே போதுமான தகவல்.

ஆப்ஷன் விற்கிறேன். பதினான்கு மாதமாக லாபம். என் முறை சரி என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

விளைவு மிக அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். புட் ஆப்ஷன் என்பது விலை விழுந்தால் மதிப்பு கூடும் ஒப்பந்தம். இன்றைய விலைக்கு வெகு கீழே, எட்டாத தூரத்தில் உள்ள புட் ஆப்ஷனை விற்பவருக்கு, பெரும்பாலான மாதங்களில் விற்று வாங்கிய பிரீமியம் முழுவதும் கையில் நிற்கும். அது முறையின் அமைப்பே தவிர உங்கள் திறமை அல்ல. 20 புள்ளி பிரீமியத்துக்கு விற்ற ஆப்ஷன், ஜூன் 4 போன்ற ஒரு நாளில் பல நூறு புள்ளிகளுக்குப் போகலாம். அன்றைய 25 எண்ணம் கொண்ட ஒரு லாட்டில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு எத்தனை ஆயிரத்தைப் பணயம் வைத்தீர்கள் என்பதுதான் அளவுக்கான மதிப்பெண். குறியீடு ஒரே நாளில் 6 சதவீதம் விழுந்தால் இந்தப் பொசிஷன் எவ்வளவு நட்டம் தரும் என்ற வரி உங்கள் குறிப்பேட்டில் இல்லையென்றால், பதினான்கு மாதங்களுக்கும் அளவில் 0. கீழே இன்னொரு புட்டை வாங்கி நட்டத்துக்கு எல்லை கட்டியிருந்தால் கதை வேறு.

"துரதிர்ஷ்டம்" என்று எழுதும் பழக்கம் வந்தால், எல்லா நட்டத்தையும் அப்படியே எழுதிவிட மாட்டோமா?

எழுதுவோம். அதனால் நான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: துரதிர்ஷ்டம் என்று எழுத வேண்டுமானால், டிரேடில் நுழைந்தபோது எழுதிய பக்கத்திலிருந்து ஒரு வரியைச் சுட்டிக் காட்ட வேண்டும். நண்பரால் "22,500இல் திறந்தால் 17,500 போகும்" என்ற வரியைக் காட்ட முடிந்தது. அந்த ஆபத்தை அவர் பார்த்து, விலை பேசி, ஏற்றுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வரி இல்லையென்றால் அந்தச் சொல்லை எழுத அனுமதி இல்லை. இதே நிபந்தனை லாபத்துக்கும் பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திட்டத்தில் எழுதியிராத காரணத்தால் வந்த லாபத்துக்கு எதிரே "அதிர்ஷ்டம்" என்று எழுதுகிறேன்.

ஜூன் 7 பக்கத்தில் "பொறுமை கைகொடுத்தது" என்ற வரிக்குக் கீழே, அடுத்த மாதம் வேறு மையில் அந்தச் சொல்லையும் 6க்கு 2 என்பதையும் எழுதிச் சேர்த்தேன். 2,250 ரூபாய் மட்டும் கணக்கில் அப்படியே இருக்கிறது.